மாப்பிள்ளை மறுபடியும் பணம் கேட்கிறார், பழசே வரவில்லை: என்ன செய்வது?

ஈரோட்டுக்காரன் | 19.05.2025, இரவு 10:40

தங்கச்சி வீட்டுக்காரர். ஆள் கெட்டவர் இல்லை, குடி கிடையாது, சூது கிடையாது. நாலு விசைத்தறி வாடகைக்கு ஓட்டுகிறார். வாங்கினால் மட்டும் தர மாட்டார்.

கணக்கு இதுதான். 2021-ல் கைமாத்து 40,000, ரொக்கம், எழுத்து எதுவும் இல்லை. 2022 ஜூனில் ஒன்றரை லட்சம், பேங்க் வழியாக. அதற்கு மட்டும் எங்க அப்பா பிடிவாதமாக புரோநோட்டு எழுதி வாங்கினார். 2023 ஆகஸ்டில் பெரியவன் ஸ்கூல் பீஸ் என்று 25,000, ஜிபே. திரும்பி வந்தது பூஜ்யம். கேட்டால் "ஆவணி முடியட்டும் மச்சான்", ஆவணி முடிந்தால் "தை பொறக்கட்டும்".

இப்போது ஒரு சீட்டுக் கம்பெனியில் அஞ்சு லட்சம் சீட்டு எடுத்திருக்காராம். சம்பளக்காரர் ஜாமீன் வேணுமாம். அதோடு 80,000 கைமாத்தும் கேட்கிறார். மறுத்தால் தங்கச்சி முகம் வாடும். ஆவணியில் அவங்க சின்னப் பொண்ணுக்குக் காதுகுத்து, தாய்மாமன் நான். எப்படி மறுப்பது? இதுதான் கேள்வி.

சலிப்புசாமி | 19.05.2025, இரவு 11:15

பயப்படாதீங்க தம்பி. வட்டிக்காரன் வீட்டு வாசல்ல வந்து மிரட்டினா 2003-ல வந்த கந்துவட்டி தடைச் சட்டம் இருக்கு. நேரா போலீஸ் ஸ்டேஷன் போங்க.

ஈரோட்டுக்காரன் | 19.05.2025, இரவு 11:21

ஐயா, கடன் கொடுத்தவனே நான்தான்.

சலிப்புசாமி | 19.05.2025, இரவு 11:24

அப்போ நீங்க மிரட்டாதீங்க.

கோர்ட்வாசல் | 20.05.2025, காலை 6:05

முப்பது வருஷத்துக்கு மேல வக்கீல் குமாஸ்தாவா இருந்தவன். எப்படி மறுப்பதுங்கிறதை அப்புறம் பார்க்கலாம். அந்த புரோநோட்டை இன்னைக்கே பீரோவிலிருந்து எடுங்க. மூணு விஷயம் சொல்லுங்க: எழுதின தேதி என்ன, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல கையெழுத்து ஏறியிருக்கா, பின்பக்கம் ஏதாவது வரவு எழுதியிருக்கா.

ஈரோட்டுக்காரன் | 20.05.2025, மதியம் 1:30

தேதி 18.06.2022. ஒரு ரூபாய் ஸ்டாம்ப், மேலே கையெழுத்து இருக்கிறது. "தாங்கள் கேட்கும்போது தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்கோ" என்கிற பழைய அச்சு வாசகம்தான். வட்டி நூத்துக்கு மாசம் ஒரு ரூபாய். பின்பக்கம் வெறும் காகிதம்.

கோர்ட்வாசல் | 20.05.2025, மதியம் 2:10

நினைச்சது சரியாப் போச்சு. கேட்கும்போது தர்றதா எழுதின நோட்டுக்கு, எழுதின நாள்லேர்ந்து மூணு வருஷம்தான் ஆயுசு. நீங்க கேட்ட நாள்லேர்ந்து இல்லை. பல பேர் தப்பு பண்றது இங்கேதான். 18.06.2025 தாண்டினா அதை வச்சு கேஸ் போட முடியாது. உங்களுக்கு ஒரு மாசம்கூட இல்லை.

ஸ்டாம்ப் இருக்கிறது நல்லது. மத்த பத்திரம்னா ஸ்டாம்ப் குறைஞ்சா அபராதம் கட்டிச் சரிபண்ணலாம். புரோநோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்டாம்ப் இல்லைன்னா சாட்சியமாவே எடுக்க மாட்டாங்க.

திண்டுக்கல்பூட்டு | 20.05.2025, மாலை 6:45

இவ்வளவு பதட்டம் எதுக்கு? ஒரு வக்கீல் நோட்டீஸ் விடுங்க, கெடு அப்படியே நின்னுடும். எங்க பெரியப்பா அப்படித்தான் செஞ்சார்.

கோர்ட்வாசல் | 20.05.2025, மாலை 7:20

நிக்காது. நோட்டீஸ் நீங்க எழுதுறது. கெடுவைப் புதுப்பிக்கிறது கடன்காரர் எழுதுறது மட்டும்தான். நோட்டீசுக்கு அவர் "ஆமா, பாக்கி இருக்கு, அவகாசம் கொடுங்க"ன்னு கையெழுத்துப் போட்டுக் கெடுவுக்குள்ள பதில் அனுப்பினா அது வேலை செய்யும். உங்க பெரியப்பா கேஸ்ல அப்படி ஒரு பதில் வந்திருக்கும்.

ஈரோட்டுக்காரருக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு, பழைய நோட்டை ரத்து பண்ணிட்டு அசலும் வட்டியும் சேர்த்துப் புது நோட்டு. ரெண்டு, கெடுவுக்குள்ள ஏதாவது ஒரு தொகை வாங்கி, நோட்டு பின்பக்கம் அவர் கையாலேயே "இந்த நோட்டு வகையில் இன்று இவ்வளவு செலுத்தினேன்"னு தேதியோட எழுதிக் கையெழுத்து. அன்னையிலேர்ந்து புதுசா மூணு வருஷம். தொகை சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. மூணு, கேஸ். மே மாசம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை, ஜூன்ல திறந்ததும் போடலாம், நாள் இருக்கு. அசல் ஒன்றரை லட்சம், மூணு வருஷ வட்டி 54,000, ஆக 2,04,000. கோர்ட் கட்டணம் நூத்துக்கு மூணு, 6,120 வரும். 2017-க்கு முன்னாடி ஏழரை சதவீதமா இருந்தது. வக்கீல் பீஸ் தனி.

உறவுன்னா நான் ரெண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

ஈரோட்டுக்காரன் | 20.05.2025, இரவு 11:50

இரண்டு முறை படித்துவிட்டேன். தங்கச்சி புருஷன் மேல் கேஸ் போடும் எண்ணமே எனக்கு இல்லை. அப்புறம் எதற்கு இந்தக் கெடு எல்லாம் என்று முதலில் தோன்றியது. யோசித்தால், கேஸ் போட முடியும் என்கிற நிலைமை இருக்கும்போது போடாமல் இருப்பது வேறு, முடியாமல் போவது வேறு. 18-ம் தேதிக்குப் பிறகு நான் கேட்பது வெறும் கெஞ்சல் ஆகிவிடும். அவருக்கும் அது தெரியும் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. போன மாதம் ஏன் இரண்டு முறை "ஆவணி ஆவணி" என்றார்?

காவிரிக்கரை | 21.05.2025, காலை 9:30

அவ்வளவு தூரம் சந்தேகப்பட வேண்டாம் அண்ணா. ஆவணி என்றால் காதுகுத்து மொய் வரும், அந்தக் கணக்காக இருக்கும்.

என் கதை நோட்டில்கூட இல்லை. என் நாத்தனார் அவசரம் என்று அஞ்சு பவுன் ஆரம் கேட்டாங்க, அடகு வைக்க. கொடுத்தேன். அவங்க பேரிலேயே பேங்கில் வைத்தாங்க. வட்டி கட்டவில்லை. ஏல நோட்டீஸ் அவங்க விலாசத்துக்குப் போனது, எனக்கு யாரும் சொல்லவில்லை. தீபாவளிக்கு நகை கேட்டபோதுதான் ஏலம் போனதே தெரிந்தது. பேங்குக்கு நான் யாரோ. இப்போதெல்லாம் யாராவது நகை கேட்டால் என் பேரில் நானே வைத்துப் பணத்தைக் கொடுக்கிறேன். கடன் என் தலையில்தான், ஆனால் நோட்டீஸ் என் வீட்டுக்கு வரும், மீட்கும் சீட்டு என் கையில் இருக்கும்.

திண்டுக்கல்பூட்டு | 21.05.2025, காலை 10:05

அதுக்குக் கொடுக்காமலே இருக்கலாமே அம்மா.

காவிரிக்கரை | 21.05.2025, காலை 10:12

இருக்கலாம். நீங்க எங்க வீட்டுக்கு வந்து எங்க மாமியாரிடம் சொல்லுங்க.

வாங்கினவன் | 22.05.2025, இரவு 9:00

நான் மறுபக்கம். கரூர்ல சின்ன அளவுல தையல் யூனிட் வச்சு நஷ்டப்பட்டவன். என் அண்ணன்கிட்ட வாங்கி ஆறு வருஷம் இழுத்தேன். ஏமாத்தணும்னு இல்லை. கையில பத்தாயிரம் வந்தா முதல்ல வாரக் கடன்காரன் வருவான், வாசல்ல வண்டி நிறுத்துவான், கொடுத்துதான் ஆகணும். அப்புறம் மகளிர் குழுக் கடன்; அதை நான் கட்டலைன்னா என் பொண்டாட்டி குழுவுல தலை நிமிர முடியாது. அப்புறம் நூல்காரன், கொடுக்கலைன்னா அடுத்த லோடு வராது. அண்ணன் கடைசி. அண்ணனுக்குக் கொடுக்கலைன்னா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது, பொங்கலுக்குக் கூப்பிடுவார்.

அண்ணன் ஒரு நாள் தேதி போட்டார்: "ஒவ்வொரு மாசமும் அஞ்சாம் தேதி ரெண்டாயிரம், நான் வந்து வாங்கிக்கிறேன்." வந்தார், டீ குடிச்சார், வாங்கினார், போனார். முழுத் தொகையைக் கேட்டிருந்தா இன்னைக்கும் கொடுத்திருக்க மாட்டேன். "வசதிப்படும்போது கொடு"ன்னு சொல்றவருக்கு அந்த வசதி வரவே வராது.

ஈரோட்டுக்காரன் | 22.05.2025, இரவு 11:10

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்க மாப்பிள்ளை மொய் நோட்டு வைத்திருக்கிறார். எவன் எந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு எழுதினான், திருப்பி எழுதும்போது எவ்வளவு கூட்டி எழுத வேண்டும் என்று ஒரு ரூபாய் பிசகாமல் சொல்வார். ஞாபக மறதி இல்லை. அந்த நோட்டில் நான் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சந்தேகம். அவர் மனசில் இது கடனே இல்லையோ? தாய்மாமன் செய்முறைக் கணக்கில் சேர்த்துவிட்டாரோ? அந்த 25,000 பீஸ் பணத்தை அப்படித்தான் நினைக்கிறார் என்று தோன்றுகிறது. தங்கச்சியும் ஒரு முறை "அண்ணன் பீஸ் கட்டினாரு" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். "கடன் கொடுத்தாரு" என்று சொல்லவில்லை.

கோர்ட்வாசல் | 23.05.2025, காலை 6:00

கோர்ட்லயும் அவர் வக்கீல் அதைத்தான் சொல்வார்: மாமன் சீர், அன்பளிப்பு, கடன் இல்லை. ஜிபே ரசீது பணம் போனதைக் காட்டும், எதுக்குப் போச்சுன்னு காட்டாது. அனுப்பின அன்னைக்கு ஒரு வரி "நீங்க கேட்ட கைமாத்து 25,000 அனுப்பியிருக்கேன்", அவர் "சரி, தை மாசம் தந்துடுறேன்"னு பதில் போட்டிருந்தா கதை வேற. அதுக்குக் கெடு 2026 ஆகஸ்ட் வரை இருக்கு. 2021 நாப்பதாயிரம் போன வருஷமே கெடு தாண்டிருச்சு.

திண்டுக்கல்பூட்டு | 23.05.2025, காலை 8:40

மூணு வருஷம் போனா கடன் போச்சு. அந்த நாப்பதாயிரத்துக்குத் தலை முழுகுங்க.

கோர்ட்வாசல் | 23.05.2025, காலை 9:15

பாதி சரி. கேஸ் போடுற உரிமைதான் போகும், கடன் போகாது. அவராகக் கொடுத்தா வாங்கிக்கலாம், கெடு தாண்டினதுன்னு சொல்லித் திருப்பிக் கேட்க முடியாது. கெடு தாண்டின கடனைத் தர்றேன்னு அவர் புதுசா எழுதிக் கையெழுத்துப் போட்டா அது செல்லும். ஆனா "பாக்கி உண்டு"ன்னு ஒத்துக்கிட்டா மட்டும் போதாது, "தருகிறேன்"னு எழுதணும். இந்த ஒரு சொல்லுக்காகவே கோர்ட்ல மணிக்கணக்குல வாதம் நடந்து பார்த்திருக்கேன்.

திண்டுக்கல்பூட்டு | 23.05.2025, காலை 9:40

சரி, ஒன்றரை லட்சத்துக்கு ஒரு ஐநூறு ஜிபேல போடச் சொல்லுங்க. கெடு புதுசாகும். இதுவாவது சரியா?

கோர்ட்வாசல் | 23.05.2025, மாலை 5:30

இதுலதான் வம்பு. பணம் கட்டினா மட்டும் போதாது, கட்டினதுக்கு அவர் கையெழுத்திலயோ கையெழுத்துப் போட்டோ எழுத்து வேணும்னு சட்டம். போன்ல விரல் அழுத்தினதை எழுத்துன்னு எடுத்துக்கலாம்னு வாதாடுறவங்க இருக்காங்க, ஒத்துக்காதவங்களும் இருக்காங்க. உங்க கேஸ் அந்தச் சண்டைக்கு மேடை ஆக வேண்டாம். ஜிபேயும் வாங்குங்க, நோட்டு பின்பக்கமும் எழுதச் சொல்லுங்க.

ஈரோட்டுக்காரன் | 27.05.2025, இரவு 10:20

ஜாமீன் விஷயம் யாரும் பேசவில்லை. அது பணம் கொடுப்பது இல்லையே, வெறும் கையெழுத்துதானே, அதை மட்டும் போட்டுவிட்டு 80,000-ஐ மறுத்துவிடலாமா என்று மனைவி கேட்கிறாள். எனக்கும் அது நடுவழி மாதிரி தெரிகிறது.

காவிரிக்கரை | 27.05.2025, இரவு 10:45

ஐயையோ.

கோர்ட்வாசல் | 28.05.2025, காலை 6:10

நடுவழி இல்லை, ரெண்டுல பெரிய குழி அதுதான். 80,000 கொடுத்தா உங்க நஷ்டம் 80,000-லயே நிக்கும். ஜாமீன் போட்டா பாக்கித் தவணை முழுக்க உங்களுது. சீட்டை முன்னாடியே எடுத்தவர் மீதி மாசமெல்லாம் கட்டணும். இருபது மாசச் சீட்டை நாலாவது மாசம் எடுத்தா இன்னும் பதினாறு தவணை, மாசம் 25,000 வீதம் நாலு லட்சம். அவர்கிட்ட கேட்டுட்டுதான் உங்ககிட்ட வரணும்னு கம்பெனிக்குக் கட்டாயம் இல்லை. ஜாமீன்தாரர் பொறுப்பும் கடன்காரர் பொறுப்பும் ஒண்ணுதான். உங்களுக்குச் சம்பளம் வருது, அவர்கிட்ட வாடகைத் தறி இருக்கு. கம்பெனி யார் கதவைத் தட்டும்? தீர்ப்பு வாங்கிட்டா சம்பளத்துல முதல் ஆயிரம் போக மீதியில மூணுல ஒரு பங்கு வரை ஜப்தி பண்ணலாம்.

மறுக்கிறதுக்கு ஒரு வழியும் இருக்கு. நீங்க வீட்டுக் கடன் எடுத்திருந்தா அல்லது எடுக்கப் போறதா இருந்தா அதைச் சொல்லுங்க. வேற ஜாமீன் பொறுப்பு இருக்கான்னு பேங்க் கேட்கும். பொய் சொல்லத் தேவையில்லை.

சலிப்புசாமி | 28.05.2025, காலை 11:00

எங்க ஊர்ல ஒருத்தர் ஜாமீன்னு கேட்டா கையில கட்டுப் போட்டுக்குவார். விரல் சுளுக்காம்.

வாங்கினவன் | 28.05.2025, இரவு 8:30

கட்டு வேண்டாம். உண்மைக் காரணம் ஒண்ணு போதும், ஒரே தடவை சொல்லுங்க. நாலு காரணம் சொன்னா நாலுக்கும் பதில் வச்சிருப்போம். எங்களுக்குப் பழக்கம்.

ஈரோட்டுக்காரன் | 08.06.2025, இரவு 9:45

இன்று ஞாயிறு, போய் வந்தேன். தங்கச்சி முன்னால் பேசுவதா தனியாகப் பேசுவதா என்று வழியெல்லாம் குழப்பம். தனியாகவே பேசினேன், தறிக் கொட்டகையில், கரண்ட் நின்றிருந்த நேரத்தில்.

முதலில் ஜாமீன். "அடுத்த வருஷம் வீட்டு லோன் போடறேன் மாப்பிள்ளை, எங்கேயும் ஜாமீன் போட முடியாது" என்றேன். உண்மைதான். முகம் மாறியது, ஆனால் வாதாடவில்லை. 80,000-க்கு, "பழைய நோட்டு முடியாம புதுசா கொடுக்க மாட்டேன்" என்றேன். அப்புறம் நோட்டை எடுத்தேன். "என்ன மச்சான், எம்மேல நம்பிக்கை இல்லியா?" என்றார். எதிர்பார்த்ததுதான். "நம்பிக்கை இருக்குங்க, தேதிதான் முடியுது. எங்கப்பா எழுதி வாங்கினது, நான் கெடு தவற விட்டா அவர் என்னைக் கேப்பாரு" என்று அப்பா தலையில் போட்டுவிட்டேன். அப்பாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

5,000 கொடுத்தார். நோட்டு பின்பக்கம் அவரே எழுதினார், இன்றைய தேதி, கையெழுத்து. ஜிபேயிலும் போட்டார், குறிப்பில் "நோட்டு வரவு".

கோர்ட்வாசல் | 09.06.2025, காலை 6:00

நல்லது. இப்போ கெடு 08.06.2028. நோட்டோட ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்க, அசல் பேப்பரை மடிக்காதீங்க. லேமினேட் பண்ணாதீங்க, ஒருத்தர் பண்ணிட்டு வந்தார், பின்பக்கம் வரவு எழுத இடமில்லாமப் போச்சு.

காவிரிக்கரை | 09.06.2025, காலை 9:10

தங்கச்சி என்ன சொன்னாங்க?

ஈரோட்டுக்காரன் | 09.06.2025, இரவு 10:00

சாப்பாடு போட்டாள், பேசவில்லை. கிளம்பும்போது "அவரைக் கணக்குக் கேட்டியாண்ணா?" என்றாள். ஆமாம் என்றேன். "எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள். எவ்வளவு கொடுத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றரை லட்சம் பற்றி நேற்றுதான் கேள்விப்பட்டாள்.

தனியாகப் பேசியது சரியா என்று இப்போது தெரியவில்லை. முன்னால் பேசியிருந்தால் அவர் அவமானப்பட்டிருப்பார், 5,000 வந்திருக்காது. பேசாததால் அவள் அவமானப்பட்டாள்.

வாங்கினவன் | 10.06.2025, காலை 7:20

என் அண்ணன் என் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுதான் வந்தார். அதுல எனக்குக் கோபம் ரெண்டு வருஷம் இருந்தது. ஆனா மாசாமாசம் ரெண்டாயிரத்தை எடுத்து வச்சது அவள்தான். உங்க வீட்ல எது சரின்னு எனக்குச் சொல்லத் தெரியலை.

திண்டுக்கல்பூட்டு | 10.06.2025, காலை 8:00

காதுகுத்துல தாய்மாமன் சீரை நோட்டுல கழிச்சுக்கோங்க. ஒரு பவுன் குறைச்சுப் போடுங்க. கணக்குத் தீர்ந்துச்சு.

காவிரிக்கரை | 10.06.2025, காலை 8:15

குழந்தை என்ன பண்ணிச்சு?

ஈரோட்டுக்காரன் | 31.08.2025, இரவு 10:30

காதுகுத்து போன வாரம் முடிந்தது. சீர் முழுசாகச் செய்தேன்: தோடு, பட்டுப்பாவாடை, தட்டு வரிசை. நோட்டுக் கணக்கில் அதைக் கலக்கவில்லை, மொய்யும் தனியாக எழுதினேன். பெரியவன் பீஸ் இந்த வருஷமும் பேச்சு வந்தது. பணமாகக் கொடுக்காமல் பள்ளியில் நானே ஒரு தவணை கட்டி ரசீதைத் தங்கச்சியிடம் கொடுத்தேன். அது கடன் இல்லை, நான் கொடுத்தது என்று அவளிடமே சொல்லிவிட்டேன். பழைய 25,000-ஐயும் அப்படியே விட்டுவிட்டேன். நாப்பதாயிரம் பற்றிப் பேசவே இல்லை.

ஜாமீனுக்கு அவர் பெரியப்பா மகனைப் பிடித்துவிட்டார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். சொல்லி எச்சரிக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், சொல்லவில்லை. அது சரியா என்று கேட்காதீர்கள்.

ஒன்றரை லட்சத்தில் மாதம் 3,000 என்று பேச்சு. ஜூலை வந்தது, ஆகஸ்ட் 1,500 வந்தது. இரண்டையும் பின்பக்கம் எழுதினார். இப்போது புதுச் சண்டை: அவர் கொடுப்பது எல்லாம் அசலில் கழிய வேண்டும் என்கிறார்.

கோர்ட்வாசல் | 01.09.2025, காலை 6:05

வரவு எழுதும்போது எதுக்குன்னு குறிப்பிடலைன்னா முதல்ல வட்டிக்குத்தான் போகும். இதுவரை வந்தது 9,500, வட்டி மட்டும் 54,000-க்கு மேல நிக்குது. அந்தக் கணக்குல அசல் ஒரு ரூபாய்கூடக் குறையலை.

ஈரோட்டுக்காரன் | 01.09.2025, இரவு 9:50

தெரியும். வட்டியை விட்டுவிடுகிறேன், அசலில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லப் போகிறேன். அதைப் பின்பக்கம் நான் எழுதித் தர வேண்டுமா, வாயால் சொன்னால் போதுமா?

கோர்ட்வாசல் | 02.09.2025, காலை 6:00

வாயால சொல்லுங்க. எழுதிட்டீங்கன்னா அவர் நாளைக்கே தவணையை நிறுத்தினாலும் வட்டியைத் திரும்பக் கேட்கிறது கஷ்டம். கடைசித் தவணை வர்ற அன்னைக்கு எழுதித் தரலாம்.

வாங்கினவன் | 02.09.2025, இரவு 8:15

நான் கடன்காரனா இருந்தா எழுத்துல கேட்பேன்.